பழகியவரிடம் பில் பணம் கேட்டு எழுதும் முதல் கடிதம்

கொருக்குப்பேட்டையில் எங்கள் லேத் பட்டறை மாமனார் காலத்திலிருந்து நடக்கிறது. இயந்திரங்களைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். பில், ஜிஎஸ்டி, வங்கி, வசூல் எல்லாம் என் பொறுப்பு. எங்களுக்கு வரும் வேலையில் ஏறக்குறைய பாதி, மணலிப் பக்கம் இருக்கும் ஒரு பம்ப் பழுதுபார்க்கும் நிறுவனத்திலிருந்து வருகிறது. ஷாஃப்ட் ஸ்லீவ், புஷ், கப்ளிங் போன்றவற்றைக் கடைந்து கொடுப்போம். அந்த முதலாளி மாமனாரோடு ஒன்றாக டீ குடித்தவர். தீபாவளிக்கு இன்றும் எங்கள் வீட்டுக்கு இனிப்புப் பெட்டி வருகிறது. அவரிடம் பணம் கேட்க வேண்டிய நிலை எனக்கு வந்ததே இல்லை. அங்கே கணக்குப் பார்த்த பெரியவர் மாதம் தவறாமல் அவரே போன் செய்து, “காசோலை தயாராக இருக்கிறது அம்மா, ஆளை அனுப்புங்கள்” என்பார்.

அந்தப் பெரியவர் 2024 கடைசியில் ஓய்வு பெற்றார். புதிய கணினி மென்பொருள் வந்தது, அதை இயக்க ஓர் இளம்பெண் வந்தார், காசோலைக்குப் பதில் நேரடியாக வங்கிக்கு அனுப்பும் முறை வந்தது. மாதத்தில் 10, 25 ஆகிய இரண்டு தேதிகளில் மட்டும் பணப் பட்டுவாடா என்றார்கள். இவையெல்லாம் நல்ல மாற்றங்கள்தான். ஆனால் ஜனவரி 2-ஆம் தேதி போட்ட ஒரு பில் இந்த மாற்றத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டது. சரக்கு மதிப்பு 1,84,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 33,120, ஆக மொத்தம் 2,17,120 ரூபாய். சரக்கு அவர்களுடைய ஸ்டோர்ஸில் இறங்கியது ஜனவரி 6. அங்கிருந்து 30 நாள் என்பது எங்களுக்குள் உள்ள வழக்கம், அதாவது பிப்ரவரி 5. பிப்ரவரி 10 வந்தது, பணம் வரவில்லை. 25-ஆம் தேதியும் வரவில்லை. மார்ச்சும் அப்படியே போனது.

வரி கணக்கு யாருக்காகவும் காத்திருக்காது. ஜனவரி பில்லுக்கான 33,120 ரூபாயை பிப்ரவரி 20-ஆம் தேதிக்குள் நாங்கள் அரசுக்குக் கட்டியாக வேண்டும், வாடிக்கையாளர் நமக்குக் கொடுத்தாரா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. பாரிமுனையில் நாங்கள் ஸ்டீல் ராடு வாங்கும் கடைக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. நகையை வைத்து இரண்டு லட்சம் வாங்கினேன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 2,000. அந்த பில்லில் எங்களுக்கு நிற்கும் லாபமே இருபதாயிரத்தைச் சுற்றித்தான். அதில் ஆறாயிரம் கடைசியில் வட்டிக்குப் போனது. கடையில் கேட்டால் கிடைக்கும் ரொக்கத் தள்ளுபடியும் அந்தக் காலம் முழுக்கக் கிடைக்கவில்லை, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பணத்தைவிட என்னை அரித்தது வேறு. ‘அவரிடம் போய்க் கேட்பதா’ என்று கணவர் தயங்கினார். எனக்கோ, இவ்வளவு காலம் பழகியவர்கள் இப்படி நம்மை மறந்துவிட்டார்களே என்ற வருத்தம், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமாக மாறிக்கொண்டிருந்தது. இரவில் மனத்துக்குள் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு இந்த விஷயமே தெரியாது.

கணவர் ஒருநாள் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்: “அய்யா வணக்கம். நலமா? நம் கணக்கைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.” கூடவே கைகூப்பும் படம். பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலை நாங்கள் இருவரும் பல நாள் ஆராய்ந்தோம். ‘பார்க்கிறேன்’ என்று பொருளா, ‘தெரியும், பொறுங்கள்’ என்று பொருளா? பிறகு அவரே சொன்னார், வணக்கம் சொன்னதற்குப் பதில் வணக்கமாக அதை அனுப்பினாராம். எந்த பில், எவ்வளவு, எப்போது வர வேண்டியது என்று எதுவும் இல்லாத செய்திக்கு ஒரு மனிதர் வேறென்ன பதில் போட முடியும்? நாசூக்காகக் கேட்பதாக நினைத்து நாம் தகவலையே விட்டுவிடுகிறோம். மரியாதை தொனியில் இருந்தால் போதும், எண்களை மறைப்பதில் மரியாதை எதுவும் இல்லை.

ஏப்ரலில் நான் எழுதுவது என்று முடிவு செய்தேன். முதலில் வந்த வாசகங்கள் எல்லாம் ‘மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்’, ‘இப்படிச் செய்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை’ என்ற ரகம். அவற்றை அனுப்பவில்லை. எழுதுவதற்கு முன் கோப்பை எடுத்து டெலிவரி சலானைப் பார்த்தேன், அதில்தான் விஷயம் இருந்தது. எங்கள் கையில் திரும்பி வரும் சலான் நகலில் அவர்களுடைய ஸ்டோர்ஸ் முத்திரை நீல மையில் சாய்வாக விழுந்திருக்கும், அதன் மேல் பேனாவால், சரக்கு உள்ளே வந்ததைப் பதியும் இன்வர்டு எண்ணும் தேதியும் எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே ஆர்டர் எண்ணையும் எழுதுவது அங்கே வழக்கம். இந்தச் சலானில் இருந்தது பழைய ஆர்டர் எண். இடையில் அவர்கள் ஸ்லீவ் எண்ணிக்கையைக் கூட்டி, திருத்திய ஆர்டர் ஒன்றை வேறு எண்ணில் அனுப்பியிருந்தார்கள். எங்கள் பில் அந்தப் புதிய எண்ணில் இருந்தது. ஸ்டோர்ஸ் சரக்கைப் பழைய எண்ணில் ஏற்றிக்கொண்டது.

நிறுவனக் கணக்குப் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு பில்லுக்குப் பணம் போக வேண்டுமென்றால் ஆர்டர், சரக்கு வந்த பதிவு, பில் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பழைய பெரியவராக இருந்தால் சலானைப் பார்த்துவிட்டு, “இது அந்த ஸ்லீவ்தானே” என்று கையால் திருத்தியிருப்பார். மென்பொருளுக்கு நம்மைத் தெரியாது. பொருந்தாத பில்லை ஒரு பட்டியலில் நிறுத்தி வைக்கும். அந்தப் பட்டியலை யாராவது திறந்து பார்க்கும்வரை பில் அங்கேயே இருக்கும். பணம் இல்லாததாலோ மனம் இல்லாததாலோ தாமதமாகிறது என்று நாம் இங்கே புழுங்கிக்கொண்டிருப்போம். அதனால் நினைவூட்டல் எழுத உட்காரும் முன் உங்களிடம் இருக்கும் சலான் நகலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முத்திரை இல்லாவிட்டாலோ இன்வர்டு எண் இல்லாவிட்டாலோ நீங்கள் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவு அல்ல. நாள் கணக்கையும் சரிபாருங்கள். நாம் பில் தேதியிலிருந்து எண்ணுவோம், பல நிறுவனங்கள் சரக்கு ஏறிய தேதியிலிருந்து எண்ணும். தேதியே வராத பில்லுக்கு நினைவூட்டல் அனுப்பினால் அடுத்த முறை நம் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

யாருக்கு எழுதுவது என்பது அடுத்த கேள்வி. முதலாளிக்கு எழுதினால் அவர் அதைக் கணக்குப் பிரிவுக்குத்தான் அனுப்பப் போகிறார், ஆனால் போகும்போது அது புகாராகிவிடும். கணக்குப் பிரிவுப் பெண்ணுக்கு எழுதி முதலாளிக்கு நகல் போட்டாலும் அதே கதைதான். வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன ஒருவரை அவருடைய முதலாளி முன்னால் நிறுத்துவதாக ஆகும். இனி ஒவ்வொரு பில்லும் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். அதனால் மின்னஞ்சல் அவருக்கு மட்டும். வாட்ஸ்அப் வேண்டாம் என்று முடிவு செய்தேன், அங்கே இணைப்புகள் தொலைந்துபோகும், நாளைக்குத் தேடி எடுக்கவும் முடியாது. 25-ஆம் தேதிப் பட்டுவாடாவுக்கு முன் அவருக்கு வேலை செய்ய நேரம் இருக்கட்டும் என்று 21-ஆம் தேதி, திங்கட்கிழமை காலையில் அனுப்பினேன். எழுதியது இதுதான்:

“பொருள்: பில் எண் 147, தேதி 02.01.2025, ரூ.2,17,120

வணக்கம் மேடம். மேற்கண்ட பில்லுக்கான சரக்கு 06.01.2025 அன்று உங்கள் ஸ்டோர்ஸில் இன்வர்டு ஆகியுள்ளது. நம் வழக்கமான 30 நாள் கணக்கில் இதற்கான தேதி 05.02.2025. எங்கள் வங்கிக் கணக்கில் இதுவரை வரவு தெரியவில்லை. சலானில் பழைய ஆர்டர் எண்ணும் பில்லில் திருத்திய ஆர்டர் எண்ணும் இருப்பதால் பில் நின்றிருக்கலாம் என்று தோன்றுகிறது. சலான், பில், திருத்திய ஆர்டர் மூன்றின் நகலையும் இணைத்துள்ளோம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் யுடிஆர் எண்ணை மட்டும் தெரிவியுங்கள், எங்கள் பக்கம் சரிபார்த்துக்கொள்கிறோம். இல்லையென்றால் 25-ஆம் தேதிப் பட்டுவாடாவில் இது இடம்பெறுமா என்று ஒரு வரி எழுதுங்கள். எங்களிடமிருந்து வேறு ஏதேனும் தேவை என்றாலும் சொல்லுங்கள். நன்றி.”

சாதாரணக் கடிதம்தான். ஆனால் ஒவ்வொரு வரியையும் யோசித்துத்தான் வைத்தேன், நீக்கியவற்றையும் அப்படித்தான் நீக்கினேன். ‘நீங்கள் இன்னும் அனுப்பவில்லை’ என்று முதலில் எழுதியிருந்தேன். அதை ‘எங்கள் வங்கிக் கணக்கில் வரவு தெரியவில்லை’ என்று மாற்றினேன். இரண்டாவது வாக்கியத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது மட்டும் இருக்கிறது. அவர்கள் அனுப்பியிருக்கவும் கூடும், எங்கோ திரும்பியிருக்கவும் கூடும். வங்கி ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தரும் அடையாள எண்தான் யுடிஆர், அதைக் கேட்ட வரியும் இதற்காகத்தான். ‘ஏற்கெனவே செலுத்தியிருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று பலரும் எழுதுவார்கள். அப்படி எழுதினால் படித்தவர் உண்மையாகவே பொருட்படுத்தாமல் போய்விடலாம். எண்ணைக் கேட்டால் அவர் தேடிப் பார்க்க வேண்டும். தேடினால் பணம் போகவில்லை என்பது அவருக்கே தெரியவரும், அதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ என்று ஒரு வரி இருந்தது, எடுத்துவிட்டேன். கடைந்து கொடுத்த ஸ்லீவுக்கு விலை கேட்பதில் மன்னிப்புக்கு என்ன வேலை? நாமே மன்னிப்புக் கேட்டால் அந்தப் பணம் சலுகையாகிவிடும். நகை அடகில் இருப்பதையும் எழுதவில்லை. இதில் எனக்கும் கணவருக்கும் வாக்குவாதமே நடந்தது. கஷ்டத்தைச் சொன்னால்தான் சீக்கிரம் கிடைக்கும் என்பது அவர் கட்சி. கணக்குப் பிரிவுப் பெண்ணால் நம் கஷ்டத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, பொருந்தாத எண்ணைக் கொடுத்தால் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும் என்றேன். இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பட்டறை தள்ளாடுகிறது என்ற பேச்சு அவர்களுடைய கொள்முதல் பிரிவில் கிளம்பினால், பெரிய ஆர்டரைக் கொடுக்க அவர்களே யோசிப்பார்கள்.

கடைசியில் கேள்வியாக முடித்ததுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ‘ஆவன செய்யவும்’ என்று முடித்தால் பதில் எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ‘25-ஆம் தேதி இடம்பெறுமா’ என்று கேட்டால் ஆம், இல்லை இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதுவும் அவர்களுடைய பட்டுவாடா தேதியையே கேட்கிறோம், நாமாக ஒரு கெடு வைக்கவில்லை. அப்போது மார்ச்சில் போட்ட இன்னொரு பில்லும் நிலுவையில் இருந்தது. அதற்கு நாள் வரவில்லை என்பதால் அதைக் குறிப்பிடவே இல்லை. வங்கி விவரத்தையும் புதிதாக எழுதவில்லை. போலி மின்னஞ்சலில் வேறு கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணம் பறிப்பவர்கள் இருப்பதால், நினைவூட்டல் கடிதத்தில் வங்கி விவரம் வந்தாலே சில கணக்குப் பிரிவுகள் சந்தேகத்தில் நிறுத்திவைக்கும். பில்லில் அச்சிட்டிருப்பதே போதும். வங்கியை மாற்றியிருந்தால் அதைத் தனியாக, ரத்து செய்த காசோலையுடன், முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

மறுநாளே பதில் வந்தது. எண் பொருந்தாததால்தான் நின்றிருக்கிறது, ஸ்டோர்ஸ் பதிவைத் திருத்த வேண்டும், 25-க்குள் முடியாது, அடுத்த பட்டுவாடாவில் கண்டிப்பாக வரும் என்று எழுதியிருந்தார். அதற்கு ‘விரைவாகப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி, மே 10 என்று குறித்துக்கொள்கிறேன்’ என்று பதில் போட்டேன். அவர் தேதி சொல்லாமல் ‘அடுத்த பட்டுவாடா’ என்றார். தேதியை நாமே எழுதிவிட்டால் அது இருவருக்கும் பொதுவாகிவிடும். 10-ஆம் தேதி சனிக்கிழமை என்பதால் முந்தைய நாளே பணம் ஏறிவிட்டது. பணம் வந்ததும் வந்த தொகையையும் பில் எண்ணையும் போட்டு ஒரு வரி அனுப்பினேன். அந்தப் பெண் இப்போது இன்வர்டு பொருந்தாவிட்டால் அவராகவே எனக்கு போன் செய்கிறார். முதலாளி பிறகு கேள்விப்பட்டு, “எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா” என்றார். கணவரின் வாட்ஸ்அப்பை நினைத்துக்கொண்டு, “பரவாயில்லை அய்யா, வந்துவிட்டது” என்றேன்.

சட்டத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நண்பர்கள் பலரும் முதல் கடிதத்திலேயே அதைப் போடச் சொன்னார்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி சட்டப்படி, அரசின் உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பேசிக்கொண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது. அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும். இவையெல்லாம் நம் பக்கம் இருக்கும் பலம்தான். ஆனால் இருபது ஆண்டு பழகியவருக்கு எழுதும் முதல் கடிதத்தில் சட்டப் பிரிவைப் போட்டால், கடிதம் கணக்குப் பிரிவிலிருந்து வக்கீல் மேசைக்குப் போய்விடும். நான் செய்தது, பில்லின் அடியில் உத்யம் பதிவு எண்ணையும் ‘குறு நிறுவனம்’ என்பதையும் சிறிய எழுத்தில் அச்சிட்டதுதான். அவர்களுடைய ஆடிட்டர் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்வார். மார்ச் மாதத்தில் இந்தச் சிறிய எழுத்துக்குத் தனி மரியாதை கிடைக்கிறது என்பதை அதன் பிறகு பார்த்துவிட்டேன். இரண்டு பட்டுவாடா தேதிகள் பதிலில்லாமல் கடந்தால் மட்டும் அடுத்த கடிதத்தில் சட்டத்தை ஒரு வாக்கியத்தில் குறிப்பிடுவேன், அதற்கு முன் ஒருமுறை நேரில் போய்விட்டு வருவேன்.

இப்போது நான் தேதி தவறிய முதல் பட்டுவாடா முடிந்த இரண்டு மூன்று நாளிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் மனத்தில் கோபம் ஏறிவிடுகிறது, பிறகு மென்மையாக எழுதுவது நடிப்பாகத்தான் இருக்கும். சீக்கிரம் எழுதும் கடிதம் தானாகவே மென்மையாக வந்துவிடும், ஏனென்றால் அந்த நேரத்தில் யார் மீதும் வருத்தம் இருக்காது.

எல்லா வாடிக்கையாளரும் மின்னஞ்சல் பார்ப்பவர்கள் அல்லர். காசிமேட்டில் சில விசைப்படகுக்காரர்களுக்கு நாங்கள் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வேலை செய்து தருகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பது அப்போதுதான், அதனால் எங்களுக்கு வேலை குவிவதும் அப்போதுதான். அவர்கள் கையில் பணம் இல்லாததும் அந்த இரண்டு மாதம்தான். மே மாதத்தில் போட்ட பில்லுக்கு 30 நாள் என்று ஜூன் முதல் வாரத்தில் கேட்டால் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் அது கேட்பவருக்கும் சொல்பவருக்கும் சங்கடம். அதனால் அவர்களுக்கு பில்லிலேயே ஜூன் 30 என்று தேதி போட்டுவிடுகிறோம். ஜூலை முதல் வாரத்தில் கணவர் போன் செய்வார், எழுத்து வேண்டாம். “அண்ணே, கடலுக்குப் போய் வந்தீர்களா, ஷாஃப்ட் அதிராமல் ஓடுகிறதா?” என்று வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்பார். ஓடுகிறது என்று பதில் வந்ததும், “அந்த ஷாஃப்ட் பில் பதினெட்டாயிரம், ஜூன் 30 தேதி போட்டது. இந்த வாரம் வரட்டுமா, அடுத்த வாரம் வரட்டுமா?” என்பார். பெரும்பாலும் அடுத்த வாரம் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கிழமையை அப்போதே கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனை வைப்பார்.